யாரும் பார்க்காத வரிகள்

ஒரு அறிக்கை அச்சுக்குப் போகுமுன் குறைந்தது மூன்று பேராவது அதைப் படித்துவிடுகிறார்கள். எழுதியவர் படிப்பார், மெய்ப்பு பார்ப்பவர் படிப்பார், இயக்குநரோ செயலாளரோ முன்னுரையையாவது படிப்பார். ஆனால் அதே அறிக்கைக்குள் இவர்கள் ஒருவர் கண்ணிலும் படாத வரிகள் சில இருக்கின்றன. படத்தின்மேல் வலது சொடுக்குப் போட்டு, பட்டியலில் ‘Alt Text’ என்பதைத் தேடித் திறந்தால்தான் அவை தெரியும். பார்வை உள்ளவர்களுக்கு அதைத் திறக்கவேண்டிய தேவை வருவதே இல்லை. என்னைப் போல ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிப்பவர்களுக்கோ, படம் என்று கிடைப்பது அந்த வரி மட்டும்தான்.

அந்த வரிகளைக் கேட்டுச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி. தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், ஆய்வறிக்கைகள், பயிற்சிக் கையேடுகள் என்று வரும். பெரும்பாலும் வேர்ட் கோப்பாக வரும். சில நேரம் நேராக பிடிஎஃப். நான் பயன்படுத்துவது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006-இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. தமிழுக்கு விண்டோஸோடு வரும் ‘வள்ளுவர்’ குரல். வேகமாகப் படிக்கவேண்டியபோது இ-ஸ்பீக்கின் தகரக் குரல். தகரக் குரலைக் கேட்டுப் புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். பழகியவர்களுக்கு அதன் வேகம்தான் பெரிது.

நான் வேலை பார்க்கும் முறை எளிது. முதல் தடவை கேட்கும்போது யாரிடமும் எதுவும் விசாரிக்க மாட்டேன். அறிக்கையை மேலிருந்து கீழாக, ஒரு வாசகன் படிப்பதுபோல, பத்தி, படம், கேப்ஷன், அடுத்த பத்தி என்று தொடர்ச்சியாகக் கேட்பேன். படங்களை மட்டும் தாவித் தாவிக் கேட்க வசதி உண்டு. ஆனால் முதலில் அதைத் தொடமாட்டேன். ஒரு பட விளக்கம் நன்றாக இருக்கிறதா என்பது அதைத் தனியாகக் கேட்டால் தெரியாது. அதற்கு முந்திய பத்தி என்ன சொல்லி நிறுத்தியது, அடுத்த பத்தி எதை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது என்பதோடு சேர்த்துக் கேட்டால்தான் தெரியும். ஒவ்வொரு படம் முடிந்ததும் எனக்குப் புரிந்ததை ஓரிரு வாக்கியத்தில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்வேன். இரண்டாம் சுற்றில் பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் உட்காருவார். நான் குறித்ததைப் படிக்க, அவர் படத்தைப் பார்த்து, ஆமாம் இல்லை என்று சொல்வார். விளக்கம் பயன்படும்படி இருக்கிறதா என்பதை நான் சொல்லமுடியும். உண்மையா என்பதை அவர்தான் சொல்லமுடியும். ஒருவரால் மட்டும் இந்த வேலை முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் அறிக்கையை இங்கே விரித்துச் சொல்வது பயன்படும். இந்திய மாற்றுத்திறனாளிகளின் நிலை பற்றியது. பழைய பதிப்பு ஒன்று ஏற்கெனவே இருந்தது, அதைப் புதுப்பித்திருந்தார்கள். முதல் அத்தியாயத்தில் ஒரு வட்ட விளக்கப்படம். அதில் என்விடிஏ சொன்னது இது: “கிராஃபிக். மாற்றுத்திறனாளிகளின் வகைகளைக் காட்டும் வட்ட விளக்கப்படம். ஏறத்தாழ பாதிப் பேர், 48.5 சதவீதம், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள்.” தொடர்ந்து கேப்ஷன்: “படம் 4: மாற்றுத்திறனாளிகள், வகை வாரியாக.” அடுத்த பத்தி, நடமாட்டம், செவி, பார்வை ஆகிய மூன்று வகைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதாகத் தொடங்கியது.

பாதிப் பேர் ஒரே வகை என்றால் மூன்று வகைகள் எப்படிச் சம அளவாகும்? நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். விளக்கம் திருத்தமாகத்தான் எழுதப்பட்டிருந்தது. சொல்லவேண்டிய கருத்தை முதலில் சொல்லி, எண்ணையும் தந்து, சுருக்கமாக முடித்திருந்தார்கள். பாடம் நடத்துபவர்கள் எடுத்துக்காட்டாகக் காட்டலாம் என்கிற அளவுக்கு நன்றாக இருந்தது. வழக்கத்தை மீறி, பக்கத்து மேசையிலிருந்த வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு, “தம்பி, இந்தப் படத்துல பாதிக்கு ஒரு துண்டு இருக்கா?” என்று கேட்டேன். “இல்ல சார், மூணு நாலு துண்டு ஒரே சைஸ்ல இருக்கு” என்றார்.

நடந்தது இதுதான். 48.5 சதவீதம் என்பது 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண். அந்தக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் 2.19 கோடிப் பேர், அவர்களில் 1.06 கோடிப் பேர் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானது. 2011 கணக்கெடுப்பில் மொத்தம் 2.68 கோடி, பார்வைக் குறைபாடு 18.8 சதவீதம்தான். புதிய பதிப்புக்காக எக்செல் தாளில் எண்களை மாற்றியிருக்கிறார்கள். எண் மாறியதும் வட்டத்தின் துண்டுகள் தாமாக மாறிவிட்டன. ஆல்ட் டெக்ஸ்ட் தாமாக மாறாது. அது யாரோ முன்பு தட்டச்சு செய்த வெறும் எழுத்து. படம் 2011-ஐக் காட்ட, ஒலி 2001-ஐச் சொல்லிக்கொண்டிருந்தது. மெய்ப்புப் பார்த்தவரையும் குறைசொல்ல முடியாது. அவர் பார்த்த பக்கத்தில் பிழை எதுவும் இல்லை.

வேர்டில் உள்ள அணுகல்தன்மைச் சோதனைக் கருவியும் இதைப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் முடியாது. ஆல்ட் டெக்ஸ்ட் பெட்டி காலியாக இருக்கிறதா என்பதைத்தான் அது முக்கியமாகப் பார்க்கும். எழுத்து இருந்தால், அது படத்தோடு பொருந்துகிறதா என்று கேட்காது. பழைய எண்ணே உள்ளே கிடந்தாலும், படத்துக்கு விளக்கம் இருக்கிறது என்று எளிதில் கணக்கில் ஏறிவிடும். கருவி பச்சை காட்டியது என்று சொல்லி அறிக்கையை அனுப்புபவர்களிடம், நல்லது, இனிமேல்தான் வேலை தொடங்குகிறது என்று சொல்வது என் வழக்கம்.

சரி, திருத்த உட்கார்ந்தோம். வெறும் எண்ணை மாற்றினால் போதாது என்பது உடனே தெரிந்தது. பழைய படத்தின் செய்தி, ஒரு வகை பாதியை நிரப்பியது என்பது. புதிய படத்தின் செய்தி, எந்த வகையும் பெரும்பான்மை இல்லை என்பது. அதனால் முதல் வாக்கியமே மாறவேண்டும். எட்டு வகைகளையும் எட்டு எண்களையும் அடுக்கிவிடலாம் என்றார் எழுதியவர். படத்தில் எல்லாம் இருக்கிறதே என்பது அவர் வாதம். நியாயம்தான். ஆனால் கண் ஒரு படத்தில் வேண்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்வரும். ஆல்ட் டெக்ஸ்டுக்குள் எனக்கு அந்த வசதி இல்லை. அதற்குள் பத்தி பிரிக்க முடியாது, தலைப்புப் போட முடியாது, அட்டவணை போட முடியாது. ஒரே நீள ஓட்டமாக வந்து முடிந்துவிடும். எட்டு வகை, எட்டு எண் என்று ஓடினால் ஐந்தாவது எண் வரும்போது இரண்டாவது எண் மறந்திருக்கும்; மறுபடி முதலிலிருந்துதான் கேட்கவேண்டும்.

எனவே மூன்றாகப் பிரித்தோம். படம் என்ன சொல்கிறது என்பது ஆல்ட் டெக்ஸ்டில் போகட்டும். எல்லா எண்களும் படத்துக்குக் கீழே உண்மையான அட்டவணையாக வரட்டும். அதில் நான் கட்டம் கட்டமாக நகரலாம். முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறித்துவிட்டால், கட்டம் மாறும்போது தலைப்பையும் ஸ்கிரீன் ரீடரே சொல்லும். எல்லா வாசகருக்கும் தெரியவேண்டிய ஆதாரம், ஆண்டு, எச்சரிக்கை ஆகியவை கேப்ஷனுக்குப் போகட்டும். இறுதியில் ஆல்ட் டெக்ஸ்ட் இப்படி அமைந்தது:

“வட்ட விளக்கப்படம். எந்த வகையும் பெரும்பான்மை இல்லை. நடமாட்டக் குறைபாடு 20.3, செவிக் குறைபாடு 18.9, பார்வைக் குறைபாடு 18.8 சதவீதம், மூன்றும் சேர்ந்து 58 சதவீதம். வகை பிரிக்காத ‘பிற’ 18.4 சதவீதம். எல்லா எண்களும் கீழே அட்டவணையில்.”

கேப்ஷன் இப்படி: “படம் 4: இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள், குறைபாட்டு வகை வாரியாக, 2011. மொத்தம் 2.68 கோடி. ஆதாரம்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011. 2001-இல் ஐந்து வகைகளாகவும் 2011-இல் எட்டு வகைகளாகவும் கணக்கெடுத்ததால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை முதலில் ஆல்ட் டெக்ஸ்டுக்குள் வைத்திருந்தார்கள். அங்கே வைத்தால் அது பார்வையற்றவர்களுக்கு மட்டும் சொன்ன எச்சரிக்கையாகிவிடும். பார்வையுள்ளவர் பழைய பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்தாண்டில் பார்வையற்றோர் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டியிருப்பார். இதிலிருந்து நான் எல்லோரிடமும் கேட்கும் ஒரு கேள்வி பிறந்தது: இந்தச் செய்தி படத்தைப் பார்ப்பவருக்குத் தெரிகிறதா? தெரிகிறது என்றால் அது ஆல்ட் டெக்ஸ்டில் வரவேண்டும். பார்ப்பவருக்கும் தெரியாது என்றால் அது கேப்ஷனில் வரவேண்டும்.

‘பிற’ என்ற துண்டு பற்றி ஒரு வார்த்தை. பழைய விளக்கத்தின் வடிவத்தையே பின்பற்றி எழுதியிருந்தால் அது விட்டுப்போயிருக்கும். அட்டவணையைக் கேட்டுக்கொண்டு வரும்போதுதான், எந்தக் குறைபாடு என்று சொல்லப்படாத 49 லட்சம் பேர் இருப்பது என் காதில் விழுந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் எண்ணிக்கையை ஒட்டி வரும் கூட்டம் அது. எழுதியவர் அதைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தார். விளக்கம் எழுத உட்காரும்போது படத்தையே இன்னொரு தடவை படிக்கவேண்டி வருகிறது. அதில் இப்படிச் சில லாபங்கள் கிடைக்கும்.

நிறத்தைச் சொல்லவேண்டுமா என்று அடிக்கடி கேட்பார்கள். “நீலத் துண்டு நடமாட்டம், பச்சைத் துண்டு செவி” என்று எழுதுவதால் எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ஆனால் அறிக்கையின் உள்ளே எங்காவது “நீலப் பகுதியைக் கவனிக்க” என்று எழுதியிருந்தால் நிறத்தைச் சொல்லியே ஆகவேண்டும். உள்ளே எழுதிய வாக்கியத்தைத் திருத்துவது அதைவிட நல்லது. நிறம் பிரித்தறிய முடியாத பார்வையுள்ளவர்களும் அந்த அறிக்கையைப் படிப்பார்கள்.

புகைப்படங்களில் சிக்கல் வேறு மாதிரி. அதே அறிக்கையின் நான்காம் அத்தியாயத்தில் ஓர் அலுவலக வாசலின் படம். கேப்ஷன்: “பொது அலுவலகம் ஒன்றில் சாய்தளம்.” ஆல்ட் டெக்ஸ்ட், வேர்ட் தானாகப் போட்டது: “A building with stairs”, அதன் வாலில், இந்த விளக்கம் தானாக உருவாக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு ஒட்டு. கேப்ஷன் சாய்தளம் என்கிறது, விளக்கம் படிக்கட்டு என்கிறது. முந்திய பத்தியோ சட்டம் வந்தும் நடைமுறை வரவில்லை என்று புலம்பியிருந்தது. எனக்குப் புரிந்தது என்று நான் குறித்துவைத்தது: “ஒரு கட்டடம். சாய்தளம் இருக்கலாம். எதற்கு இந்தப் படம் என்று தெரியவில்லை.”

இரண்டாம் சுற்றில் பக்கத்தில் உட்கார்ந்தவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சாய்தளம் இருக்கிறதாம். அது மேலே போய் முடிகிற இடத்தில் இன்னும் ஒரு படி உயரம் மிச்சமாம். சக்கர நாற்காலி அந்தப் படியில் முட்டி நிற்கும். படத்தை அறிக்கையில் சேர்த்ததே அதற்காகத்தான். அதை எழுதியவர் கேப்ஷனிலும் சொல்லவில்லை. பார்க்கிறவருக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிட்டார். ஆல்ட் டெக்ஸ்டை இப்படி மாற்றினோம்: “அலுவலக வாசலில் சிமெண்ட் சாய்தளம். அது கதவு வரை எட்டவில்லை. முடியும் இடத்தில் ஒரு படி உயரம் மிச்சம் இருக்கிறது.” கட்டடத்தின் நிறம், வாசலில் இருந்த பூச்செடி, பெயர்ப்பலகை எதுவும் வேண்டியதில்லை. அதே படம் கட்டடக்கலை பற்றிய நூலில் வந்திருந்தால் இந்த விளக்கம் பொருந்தாது. படத்துக்கு என்று நிலையான ஒரு விளக்கம் கிடையாது. அது எதற்காக அங்கே வைக்கப்பட்டிருக்கிறதோ அதற்குத்தான் விளக்கம்.

பயிற்சி முகாம் படங்களுக்கு “மகிழ்ச்சியுடன் பங்கேற்கும் பயனாளிகள்” என்று எழுதிவிடுகிறார்கள். மகிழ்ச்சி என்பது எழுதியவர் கருத்து. சிரிக்கிறார்கள் என்றால் சிரிக்கிறார்கள் என்று எழுதுங்கள். முடிவை நான் எடுத்துக்கொள்கிறேன். கேப்ஷனில் பெயர்களும் ஊரும் வந்துவிட்டால் ஆல்ட் டெக்ஸ்டில் மறுபடி வேண்டாம். பார்ப்பவர் கேப்ஷனை ஒரு தடவை படிக்கிறார். நாங்கள் மட்டும் ஏன் ஒரே வரியை இரண்டு தடவை கேட்கவேண்டும்? ‘படம்’, ‘புகைப்படம்’ என்று தொடங்கவும் வேண்டாம். அதை ஸ்கிரீன் ரீடரே முன்னால் சொல்லிவிடுகிறது. வட்ட விளக்கப்படம், நிலப்படம், கையொப்பம் என்று என்ன வகை என்பது பயன்படும் இடங்களில் மட்டும் சொன்னால் போதும்.

தமிழ் அறிக்கைகளுக்கென்று தனியாக ஒரு நோய் உண்டு. இன்னும் பல அச்சகங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவதற்கு உள்ளே இருப்பது `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்துகிறது. ஸ்கிரீன் ரீடர் உருவத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதைப் படிக்கும். ஆகவே பக்கம் முழுவதும் எனக்கு உளறலாகவே கேட்கும். ஆல்ட் டெக்ஸ்ட் பெட்டியில் இது இன்னொரு வடிவம் எடுக்கிறது. அந்தப் பெட்டியில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் வசதியே கிடையாது. பாமினி விசைப்பலகையில் பழகியவர் அங்கே விளக்கம் தட்டச்சு செய்தால் அவர் கண்ணுக்கே `jkpo;` என்றுதான் தெரியும். அச்சில் வரப்போவதில்லையே என்று சிலர் அப்படியே மூடிவிடுகிறார்கள். யுனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தச் சிக்கல் ஒன்றும் இல்லை. அறிக்கை பழைய எழுத்துருவில் இருந்தாலும், ஆல்ட் டெக்ஸ்டையாவது யுனிகோடில் எழுதச் சொல்கிறேன். அதோடு மொத்தக் கோப்பையும் மாற்றிவிடுங்கள் என்று கேட்பேன். பாதிப் பேர் மாற்றுவார்கள்.

நிறுத்தற்குறிகளிலும் கவனம் வேண்டும். என்விடிஏவின் வழக்கமான அமைப்பில் சிறு கோடு ஒலிக்காது. “2001-2011” என்று எழுதினால் இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து வந்து விழும்; இடைப்பட்ட காலம் முழுவதுமா, இரண்டு ஆண்டுகள் மட்டுமா என்பது தெரியாது. “2001 முதல் 2011 வரை” என்று எழுதினால் குழப்பம் இல்லை. விளக்கத்தின் முடிவில் ஒரு முற்றுப்புள்ளி வையுங்கள். அது இல்லையென்றால் விளக்கத்தின் கடைசிச் சொல்லும் கேப்ஷனின் முதல் சொல்லும் ஒட்டிக்கொண்டு வரும்.

பக்க ஓரக் கோலங்கள், பிரிக்கும் கோடுகள், பின்னணிப் படங்கள் ஆகியவற்றுக்கு விளக்கமே வேண்டாம். வேர்டில் ‘Mark as decorative’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் குறியிட்டால் எங்களுக்கு அந்தப் படம் குறுக்கே வராது. பின்னட்டையில் க்யூஆர் குறி இருந்தால் அது எந்த முகவரிக்குப் போகிறது என்பதை எழுத்தாகவும் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் செய்து முடித்த பிறகு எல்லாம் கெட்டுப்போகும் இடம் கடைசிப் படி. வேர்டிலிருந்து ‘Save As’ வழியாக, ஆவணத்தின் அமைப்புக் குறிகளைச் சேர்க்கும் தேர்வோடு பிடிஎஃப் எடுத்தால் ஆல்ட் டெக்ஸ்ட் கூடவே போகும். அச்சிடும் கட்டளை கொடுத்து பிடிஎஃப் எடுத்தால் அமைப்பு போய்விடும். ஆல்ட் டெக்ஸ்டும் அதோடு போய்விடும். இன்டிசைனுக்குக் கொண்டுபோனால் படம் எந்தப் பத்திக்கு உரியதோ அங்கே அதைக் கட்டிவைக்கவேண்டும். கட்டாவிட்டால் நான்காம் பக்கத்துப் படம் எனக்கு வேறு எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் கேட்கும். அச்சகத்தில் எழுத்துரு மாறிவிடும் என்று பயந்து எழுத்துகளை எல்லாம் ‘கர்வ்’ ஆக்கிவிட்டார்கள் என்றால் அந்தக் கோப்பில் எழுத்து என்று ஒன்றே இல்லை. முழுப் புத்தகமும் கோடுகள்தான். அந்தக் கோப்பு அச்சுக்கு மட்டும் ஆகும். இணையத்திலும் மின்னஞ்சலிலும் அனுப்ப வேறு கோப்பு எடுக்கவேண்டும். மேலே சொன்ன அறிக்கையில் இரண்டு கோப்புகளாகத்தான் எடுத்தோம். இறுதி பிடிஎஃப்பை மறுபடி முதலிலிருந்து கேட்ட பிறகே வெளியிட்டார்கள்.

அறிக்கை தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது இரண்டு. ஆல்ட் டெக்ஸ்ட் எழுதும் வேலையை வடிவமைப்பாளர் தலையில் கட்டாதீர்கள். அந்தப் படம் எதற்காக அங்கே இருக்கிறது என்பது அத்தியாயத்தை எழுதியவருக்குத்தான் தெரியும், அவரே எழுதட்டும். எழுதியதை மெய்ப்புத் தாளில் படத்துக்கு அடியில் சாய்வெழுத்தில் அச்சிட்டு, மெய்ப்பு பார்ப்பவர் கையில் கொடுங்கள். அச்சுக்கு அனுப்பும்போது அதை எடுத்துவிடலாம்.